கடைசி வரிசையைப் பார்த்து எழுதிய அறிக்கை

உடற்பயிற்சி வகுப்பொன்றுக்குப் போய் வந்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா வேர்த்திச்சு" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வேர்ப்பதை வைத்து வகுப்பை அளக்க முடியாது. பெண்களுக்கான வகுப்பு என்பதால் நாம் யன்னல்களை மூடித் திரைச்சீலையும் போட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட மண்டபத்தில் மாலை நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும். அடுத்த நாள் கால் நோவதும் நல்ல அளவுகோல் அல்ல. பழக்கமில்லாத அசைவு எதைச் செய்தாலும் தசை நோகும். அந்த அசைவைச் சரியாகச் செய்தோமா, பிழையாகச் செய்தோமா என்பதை அந்த நோவு சொல்லாது.

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வி எங்கள் சுகாதாரக் கழகத்துக்கு உண்மையிலேயே வந்தது. வியாழக்கிழமைகளில் உயர்தர மாணவிகளுக்கும், விரும்பும் உம்மாமாருக்கும், ஆசிரியைகளுக்கும் ஒரு மணி நேர வகுப்பு நடத்தலாம் என்று முடிவாகி, இரண்டு பெண் பயிற்றுனர்கள் ஆளுக்கொரு மாதிரி வகுப்பு நடத்த வந்தார்கள். இருவரில் ஒருவரைத் தெரிவுசெய்யப் பிரதி அதிபருக்கு அறிக்கை கொடுக்கும் பொறுப்பு விளையாட்டுப் பொறுப்பாசிரியைக்கும், என் வகுப்புத் தோழி ஒருத்திக்கும், எனக்கும் தரப்பட்டது. பாதுகாப்பு அறிவுறுத்தல், வேகமும் நேரமும், புதியவர்களுக்கேற்ற மாற்றம், தெளிவு என்று நான்கு தலைப்புகளில் தலைப்புக்குப் பத்துப் புள்ளி போடும்படி தாளும் தந்தார்கள்.

ஆசிரியை எங்களுக்கு ஒரேயொரு விடயத்தைத்தான் சொல்லித் தந்தார். "முன்னுக்கு நிற்கிற மிஸ்ஸைப் பார்க்காதீங்க. கடைசி வரிசையைப் பாருங்க." பயிற்றுனரின் உடல் எப்போதும் அழகாகத்தான் அசையும், அது அவருடைய தொழில். அவருடைய சொல் மற்றவர்களின் உடலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது கடைசி வரிசையில்தான் தெரியும். இரண்டு நாளும் வந்தவர்கள் இருபத்துநான்கு பேர். ஆறு பேராக நான்கு வரிசை. யாரும் சொல்லாமலே உம்மாமார் ஆறு பேரும் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். கூச்சம்தான் காரணம். ஆனால் முழங்கால் வருத்தமும், பிரஷர் குளிசையும், சீனி வருத்தமும் அதிகம் உள்ள வரிசையும் அதுதான். பயிற்றுனரின் கண்ணுக்கு மிகத் தூரத்தில் இருப்பதும் அதே வரிசை.

முதல் வாரம் வந்தவர் பாட்டுப் பெட்டியைப் பூட்டி, கையைத் தட்டி, நேரே தொடங்கிவிட்டார். யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. இரண்டாம் வாரம் வந்தவர் கேட்டார். ஆனால் எல்லோருக்கும் முன்னால், "யாருக்காவது பிரஷர், ஹார்ட் பிரச்சினை ஏதும் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிற இரண்டு பேர் அந்த வரிசையில் நின்றது எனக்குத் தெரியும். மகளின் தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த உம்மா கை உயர்த்துவார்? கேட்டது நல்லதுதான், கேட்ட விதத்தில் பயன் இல்லை.

இதற்கென்றே கனடாவில் உருவான ஒரு சிறு படிவம் உண்டு. பார்-கியூ என்று அதற்குப் பெயர். அதில் ஏழே கேள்விகள்தான். இதய வருத்தம் இருப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறாரா, நெஞ்சு நோவு வருவதுண்டா, தலைச்சுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ பிரச்சினை உண்டா, பிரஷருக்கு மருந்து எடுக்கிறீர்களா என்ற மாதிரியான கேள்விகள். ஒன்றுக்காவது 'ஆம்' என்றால், தொடங்குமுன் டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. தாளில் தனியாக அடையாளம் போடுவதென்றால் யாரும் வெட்கப்படத் தேவையில்லை. எங்களுடைய அறிக்கையில் இதற்கு இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொன்னோம். ஒன்று, அண்மையில் பிள்ளை பெற்றீர்களா என்பது. மற்றது, இன்று நோன்பா என்பது. திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு பிடிப்பவர்கள் எங்களில் பலர். வியாழன் மாலை நாலே முக்கால் மணிக்கு, பன்னிரண்டு மணித்தியாலம் தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் துள்ளச் சொல்வது ஆபத்து.

இனிப் பாதுகாப்பு அறிவுறுத்தலுக்கு வருகிறேன். இருவருமே செய்வித்த ஒரே அசைவை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நன்றாக விளங்கும். ஸ்குவாட் என்பது கதிரையில் இருக்கப் போவதுபோல் இறங்கி எழும்புவது. முதலாமவர் சொன்னது: "நல்லா இறங்குங்க, முதுகு நேரா!" இந்த 'நேரா' என்ற சொல்தான் கடைசி வரிசையைக் கெடுத்தது. முதுகு வளையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் நினைத்த பொருள். கேட்டவர்கள் விளங்கிக்கொண்டதோ, சுவரைப்போல் செங்குத்தாக நிற்க வேண்டும் என்று. உடம்பைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு இறங்கினால் இடுப்புக்குப் பின்னால் போக இடமில்லை. முழங்கால்தான் முன்னுக்குத் தள்ளப்படும். அப்போது குதிகால் நிலத்தை விட்டுக் கிளம்பும். பாரம் விரல்களுக்குப் போகும், முழங்கால் சில்லின்மேல் அழுத்தம் கூடும். கடைசி இரண்டு வரிசையிலும் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரின் குதிகால் தூக்கியிருந்ததை எண்ணினேன்.

நான் ஏன் குதிகாலை எண்ணினேன் என்றும் சொல்ல வேண்டும். புத்தகங்களில் "முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள்" என்றுதான் இருக்கும். எங்கள் மண்டபத்தில் முழங்காலே தெரியாது. பெண்கள் மட்டும் உள்ள இடமானாலும் பலர் நீளச் சட்டையோடும், சிலர் அபாயாவோடும்தான் நின்றார்கள். துணிக்குக் கீழே தெரிவது பாதம் மட்டுமே. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்றுனர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பாதத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்: குதிகால் தூக்கினால் பாரம் முன்னுக்குப் போயிருக்கிறது, பாதத்தின் உட்புறம் அமுங்கினால் முழங்கால் உள்ளே சாய்ந்திருக்கிறது. மற்றது, பார்வைக்கல்லாமல் உணர்வுக்குச் சொல்ல வேண்டும். "முழங்கால் நேரா இருக்கட்டும்" என்றால் குனிந்து பார்க்கத்தான் தோன்றும். "குதிகாலால நிலத்தை அழுத்துங்க" என்றால் பார்க்காமலே செய்யலாம்.

இரண்டாமவர் அதைத்தான் செய்தார். முதலில் மண்டபத்துக் கதிரைகளை எடுத்து ஆளுக்கொன்று பின்னால் வைக்கச் சொன்னார். "கதிரை இருக்கா இல்லையாண்டு பின்னால தேடுற மாதிரி இடுப்ப மட்டும் பின்னுக்குக் கொண்டு போங்க. பட்டதும் எழும்புங்க. எழும்பேக்க குதிகாலால நிலத்தத் தள்ளுங்க." தேடும்போது உடம்பு தானாகவே கொஞ்சம் முன்னுக்குச் சாய்கிறது, முதுகு வளையவும் இல்லை. முதல் இரண்டு தடவை முடிந்ததும் அவர் முன்னுக்கு நிற்காமல் கடைசி வரிசைக்கு நடந்து போனார். ஓர் உம்மாவிடம், "தொட்டுக் காட்டட்டா?" என்று கேட்ட பிறகே இடுப்பில் கை வைத்தார். குதிகால் தூக்கியவர்கள் முதலில் மூன்று பேர். அவர் திரும்பி வரும்போது ஒருவர்.

முழங்கால் ஒருபோதும் கால்விரலைத் தாண்டக் கூடாது என்று முதலாமவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பலரும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் தொடை நீளமானவருக்குக் கொஞ்சம் தாண்டத்தான் செய்யும். குதிகால் நிலத்தில் இருந்து, முழங்கால் விரல்கள் காட்டும் திசையிலேயே போனால் அதில் குற்றமில்லை. அளவுக்கு மீறி அதைத் தடுக்கப் போனால் இடுப்பு பின்னுக்குப் போய், முதுகின் கீழ்ப்பகுதியில் பாரம் ஏறுகிறது. எல்லோருக்கும் ஒரே கோடு கீறுகிற அறிவுறுத்தலை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். கஷ்டமான அசைவில் நாம் அறியாமலே மூச்சை அடக்குகிறோம். அந்த நேரம் இரத்த அழுத்தம் சட்டென்று உயரும். பிரஷர் உள்ளவருக்கு அது நல்லதல்ல. "மூச்சை அடக்காதீங்க" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடக்குவார்கள். இரண்டாமவர் வேறு வழி வைத்திருந்தார். எழும்பும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் சத்தமாக எண்ண வேண்டும் என்றார். சத்தமாக எண்ணுகிற ஒருவரால் மூச்சை அடக்க முடியாது. முழு வகுப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சின்ன உபாயம்தான்.

அடுத்தது வேகமும் நேரமும். பாட்டின் தாளத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். முதலாமவரின் பாட்டு 144, இரண்டாமவருடையது 124. இந்த இருபது அடி வித்தியாசம் முன்வரிசைக்கு உற்சாகம். பின்வரிசைக்கோ, காலை முழுதாக எடுத்து வைக்க நேரம் போதாமை. 144இல் அவர்களுடைய எட்டு சுருங்கியது, கை உயரவில்லை, திரும்பும்போது காலுறை பளிங்குத் தரையில் வழுக்கியது. காலுறையோடு பளிங்கில் ஆட விடக் கூடாது என்பதை அன்று யாருமே சொல்லவில்லை. சப்பாத்து, இல்லையென்றால் வெறுங்கால். இது கதவடியிலேயே சொல்லி முடிக்க வேண்டிய காரியம்.

உடல் எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்பதை அறிய 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணை அதிகபட்ச இதயத் துடிப்பாக வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அது ஒரு சராசரிக் கணக்கு மட்டுமே. அதோடு, பிரஷருக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இதயத் துடிப்பையே உயர விடாமல் வைத்திருக்கும். அப்படிப்பட்டவரின் துடிப்பு குறைவாக இருக்கிறதென்று இன்னும் விரட்டினால் என்னவாகும்? இதைவிட எளிதான சோதனை பேச்சு. பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வசனம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் நடுத்தர வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமையான வேகம். முதல் வாரம் இருபதாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் ஒரு பேச்சும் இல்லை. நம் உம்மாமார் ஆறு பேர் ஒன்றாக நின்று பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அதுவே போதிய அறிகுறி.

நேரத்தைப் பங்கிட்ட விதம் இன்னும் முக்கியம். நாலே முக்காலுக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடித்தால்தான் மஃரிபுக்கு முன் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். முதல் வாரம் பாட்டுப் பெட்டி வேலை செய்யாமல் பத்து நிமிடம் பிந்தியது. அது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எங்கே கழிப்பது என்பது பயிற்றுனரின் முடிவு. அவர் தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்கும் பகுதியை மூன்று நிமிடமாக்கினார். கடைசியில் உடம்பை ஆறவிடும் பகுதியை முழுதாகவே விட்டுவிட்டார். துள்ளிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது, "ஓகே, அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார். வான்கள் வாசலில் ஹோர்ன் அடித்தன. ஓர் உம்மா அபாயாவைப் போடக் குனிந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

அவருக்கு நடந்ததை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. துள்ளும்போது காலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்; அங்கே நிறைய இரத்தம் இருக்கும். கெண்டைத் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்த இரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளிவிடும். திடீரென்று நின்றால் தள்ளும் வேலை நிற்கிறது, ஆனால் குழாய்கள் இன்னும் விரிந்தபடிதான் இருக்கின்றன. இரத்தம் காலில் தங்க, மூளைக்குப் போவது ஒரு கணம் குறைகிறது. தலை சுற்றுகிறது. மூடிய மண்டபத்துச் சூடும், பிரஷர் குளிசையும், நோன்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க விட்டிருந்தால் பெரும்பாலும் இது வந்திராது. அல்ஹம்துலில்லாஹ், அவர் சிறிது நேரத்தில் எழும்பிவிட்டார். நேரம் போதாவிட்டால் நடுப்பகுதியில்தான் வெட்ட வேண்டும், இரண்டு முனையிலும் அல்ல என்று என் தாளில் இரட்டைக் கோடு போட்டு எழுதினேன். இரண்டாமவர் தொடக்கத்துக்கு ஒன்பது நிமிடமும், முடிவுக்கு எட்டு நிமிடமும் வைத்திருந்தார். கடைசி எட்டில் முதல் பாதி நடை. பின்பு தசையை நீட்டி ஒவ்வொன்றையும் இருபது விநாடி வரை பிடித்திருக்கச் செய்தார்.

புதியவர்களுக்கேற்ற மாற்றத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு காரியத்தில் தங்கியிருந்தது. எதை முதலில் காட்டுவது என்பதுதான் அது. முதலாமவர் தண்டாலை முழுதாகச் செய்து காட்டிவிட்டு, "ஏலாதவங்க முழங்காலை வைச்சுச் செய்யுங்க" என்றார். 'ஏலாதவங்க' என்ற சொல்லுக்குப் பிறகு முழங்காலை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாணவிகள் இடுப்புத் தொங்க, தோள் காதுக்கு ஏற, மூன்று நான்கு செய்துவிட்டு விழுந்தார்கள். உம்மாமார் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். இரண்டாமவர் எல்லோரையும் சுவரடிக்குக் கொண்டு போய், சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டாலில் தொடங்கினார். "இது லேசா இருந்தா மேசை. மேசையும் லேசா இருந்தா நிலம்." எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும்போது, சுவரிலேயே நிற்பவர் தோற்றவர் ஆவதில்லை, அவர் தொடங்கிய இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். அன்று கடைசி வரிசை முழுதும் சுவரில் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்தது. எங்கள் மாணவிகளில் மேசைக்குப் போனவர்கள் ஆறு பேர், நிலத்துக்கு இறங்கியவர்கள் இரண்டு பேர்.

தெளிவில் நிலைமை தலைகீழ். இங்கே முதலாமவர் கெட்டிக்காரி, அதை மறைப்பது நியாயமாகாது. அசைவு மாறுவதற்கு நான்கு அடி முன்னமே, "நாலு, மூணு, ரெண்டு, வலம்!" என்று சொல்லிவிடுவார். எங்களைப் பார்த்து நின்றபடி, 'வலம்' என்று சொல்லும்போது தன்னுடைய இடக் கையைத் தூக்குவார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லோரும் குழப்பமில்லாமல் ஒரே பக்கம் போனார்கள். இரண்டாமவர் எங்களைப் பார்த்துக்கொண்டே தன் வலக் கையைத் தூக்கி "வலம்" என்றார். பாதிப் பேர் சொல்லைக் கேட்டு வலத்துக்கும், மீதிப் பேர் கையைப் பார்த்து இடத்துக்கும் போய் நடுவில் முட்டிக்கொண்டார்கள். பிறகு அவர் திரும்பி முதுகு காட்டி நின்றார். பக்கம் சரியானது, ஆனால் பாட்டுச் சத்தத்தில் அவர் பேசியது பின்னுக்குக் கேட்கவில்லை. அசைவு மாறும் அதே கணத்தில்தான் மாற்றத்தையும் சொன்னார். கேட்டு, விளங்கி, காலை எடுப்பதற்குள் கடைசி வரிசை ஒரு சுற்றுப் பின்தங்கிவிட்டது.

புள்ளிகளைக் கூட்டினோம். என் தாளில் முதலாமவருக்கு 23, இரண்டாமவருக்கு 26. தோழியின் தாளில் இருவருக்கும் 25. அவளுக்கு அந்தப் பாட்டும் வேகமும் பிடித்திருந்தன. பதினேழு வயது முழங்காலுக்கு அது பிழையென்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டியதே பிழையான வழி என்றார் ஆசிரியை. தெளிவில் எடுத்த ஒன்பது, பாதுகாப்பில் இழந்த ஆறுக்கு ஈடாகாது. சொல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது குதிகாலைத் தூக்க வைக்கிற சொல்லாக இருந்தால் இருபத்துநான்கு பேரும் தெளிவாகப் பிழை செய்வார்கள். ஆகவே பாதுகாப்புக்கு ஆறு புள்ளி என்று ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டியவரை மட்டும் மற்ற மூன்று தலைப்புகளிலும் பார்ப்பதென்று தாளைத் திருத்தினோம். கை எந்தப் பக்கம் தூக்குவது என்பதை ஒரு கிழமையில் பழகிவிடலாம். கடைசி வரிசைக்கு நடந்து போகும் பழக்கம் அவ்வளவு விரைவில் வராது என்பது ஆசிரியையின் எண்ணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இரண்டாமவரைச் சிபாரிசு செய்தோம், மூன்று நிபந்தனைகளோடு. வருத்தங்களைத் தாளில் கேட்க வேண்டும். மாற்றத்தை நான்கு அடி முன்னால் சொல்ல வேண்டும். பேசும்போது பாட்டின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பிரதி அதிபர் வாசித்துவிட்டு, காலுறையைப் பற்றியும் எழுதச் சொன்னார், நான்காவதாகச் சேர்த்தோம். முதலாமவருக்கும் அவருடைய தாளின் பிரதியொன்றை ஆசிரியை கொடுத்தனுப்பினார்.

வகுப்பு தொடங்கிய முதல் வியாழன், கதவடியில் இருபத்தாறு தாள்கள் கொடுக்கப்பட்டன. பிரஷருக்கு மருந்து எடுப்பதாக ஐந்து பேர் அடையாளம் போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் முன்பு அந்தக் கேள்வி சத்தமாகக் கேட்கப்பட்டபோது கை உயர்த்தாமல் நின்றவர்கள். இன்னும் ஒருவர் எங்கள் ஆசிரியை.